கடிதம் வரும் வரைக்கும்: களுதாவளையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. அக்கரைப்பற்றில் யாருக்கோ நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்துவிட்டதாம், 15ஆம் திகதியாம். ஒரு மணித்தியாலத்தில் அது இருபது பேருக்கு என்று ஆகிவிட்டது. கடிதத்தின் படத்தைப் போடுங்கள் என்று கேட்டேன். ஒருவரும் போடவில்லை.

நான் எழுதியது பட்டதாரிகளுக்கான ஒரு திறந்த போட்டிப் பரீட்சை. மார்ச்சில் பெறுபேறு வந்தது. இரண்டு வினாத்தாளிலும் 40க்கு மேல். அன்றைக்கு அம்மா அயல் வீடுகளுக்கெல்லாம் பாயாசம் கொடுத்தா. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மனம் ஆறாமல் வர்த்தமானி அறிவித்தலை எடுத்து மறுபடி வாசித்தேன். விண்ணப்பிக்கும்போது வயது, தகைமை, இறுதித் திகதி மூன்றையும்தான் பார்த்திருக்கிறேன். தெரிவு முறை என்ற பகுதியை இன்றுதான் வரிக்கு வரி படித்தேன். 40 என்பது சித்தியடைவதற்கான எல்லை மட்டும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பது மொத்தப் புள்ளியின் வரிசைப்படி, வெற்றிடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப. அதனால் 40 எடுத்த எல்லோருக்கும் கடிதம் வராது. நேர்முகமும் பொது நேர்முகப் பரீட்சை, அதற்குப் புள்ளி கிடையாது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். கட்டமைக்கப்பட்ட நேர்முகம் என்று போட்டிருந்தால் அதற்கும் புள்ளி உண்டு, ஆயத்தமும் வேறு. குழுவில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, "என்ன கேள்வி கேப்பாங்க?" என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

நியமனம் கொடுக்கிற, திருகோணமலையில் உள்ள அலுவலகத்துக்கு மூன்றாவது தடவையாக அழைத்தேன். முதல் இரண்டு தடவையும் நான் கேட்டது, "நேர்முகப் பரீட்சை எப்ப?" என்றுதான். இரண்டு தடவையும் வந்த பதில், "திகதி இன்னும் முடிவாகல்ல. கடிதம் வரும்." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் மாமா நேற்றிரவு சொன்னார்: "புள்ள, திகதியக் கேக்காத. அதுக்கு முன்னால என்ன நடக்கோணுமோ அதக் கேளு. எடுத்தவுடனே சப்ஜெக்ட் கிளாக்க கேட்டு வாங்கு."

இன்று அப்படியே செய்தேன். இந்தப் பரீட்சைக்குப் பொறுப்பான சப்ஜெக்ட் கிளாக்குடன் கதைக்க வேண்டும் என்றேன். ஒரு அக்கா வந்தா. பரீட்சைத் திணைக்களத்திலிருந்து புள்ளிப் பட்டியல் உங்களுக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டதாம். அழைப்பது தபாலிலா, இணையத்தளத்திலா? தபாலில்தான், விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கு. எழுத்தில் ஏதும் அறிவிப்பதென்றால் எந்தக் கோவை இலக்கத்தைக் குறிப்பிட வேண்டும்? அதையும் சொன்னா. நான்கு நிமிடம்தான் கதைத்திருப்போம். மூன்று மாதத்தில் தெரியாதது தெரிந்தது.

விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கு என்று அவ சொன்னதும்தான் நெஞ்சு திக்கென்றது. விண்ணப்பம் போட்ட காலத்தில் நான் கல்லடியில் வாடகை அறையில் இருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை கல்லடிக்குப் போனேன். வீட்டுக்கார மாமி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தா. நாங்கள் இருந்த அறைக்கு வரும் கடிதங்களையெல்லாம் அதற்குள் போட்டு வைத்திருக்கிறா. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த பிள்ளைக்கு வந்தவை ஐந்து. என் பெயருக்கு ஒன்று, வங்கியிலிருந்து, ஏழு மாதப் பழையது. நேர்முகத்துக்குக் கூப்பிடும் கடிதம் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, வந்திருந்தால் அதுவும் இந்த டின்னுக்குள்தான் கிடந்திருக்கும் என்று பயமாகவும் இருந்தது. என் தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.

இன்று முகவரி மாற்றத்தை எழுதி அனுப்பினேன். மாமா இரண்டு இடம் திருத்தினார். மேலே வலப்பக்கம் "உமது இல." என்று போட்டு அந்தக் கோவை இலக்கத்தை எழுதச் சொன்னார். அது இருந்தால் தபால் பிரிப்பவர் நேரே உரிய மேசைக்கு அனுப்பிவிடுவாராம். இல்லாவிட்டால் பொதுக் கடிதங்களோடு சுற்றும். தலைப்பிலேயே சுட்டெண்ணும் இருக்க வேண்டும் என்றார். பெயரை வைத்து ஒருவரையும் தேட மாட்டார்கள், சுட்டெண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். கடைசியில் கடிதம் இப்படி வந்தது:

"மேற்படி பரீட்சைக்கு மேற்குறித்த சுட்டெண்ணின் கீழ்த் தோற்றினேன். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட முகவரியில் தற்போது வசிக்கவில்லை. இனி அனுப்பப்படும் கடிதங்களைக் கீழுள்ள நிரந்தர முகவரிக்கு அனுப்புமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே இரண்டு முகவரியும், அடையாள அட்டை இலக்கமும். அடையாள அட்டைப் பிரதி ஒன்றையும் இணைத்தேன். களுவாஞ்சிக்குடி தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வர்த்தமானிக்குள் செருகி வைத்தேன். பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதினால் போதாதா என்று தோழி கேட்டாள். போதாது. அவர்கள் பரீட்சையை நடத்திப் புள்ளியை அனுப்பிவிட்டார்கள். நேர்முகத்துக்கு அழைப்பது நியமனம் கொடுக்கிற இடம்.

ஜூன் 16, திங்கள்

விடிய முன் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் விட்டான். பனிச்சங்கேணிப் பாலத்தில் வெளிச்சம் வந்தது. வெருகல், மூதூர், கிண்ணியா தாண்டித் திருகோணமலை. இவ்வளவு தூரம் போனது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தைக் கையால் கொடுக்க. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தபாலிலும் அனுப்பலாம்தான். ஆனால் கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை அங்கேயே வாங்கலாம், நாளும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்.

தகவல் உத்தியோகத்தர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நான் எழுதியிருந்த ஒரே கேள்வியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நேர்முகத் திகதி எண்டு கேட்டிருக்கீங்க. அப்படி ஒரு பேப்பர் பைலில இன்னும் இல்ல. இல்லாதத நான் எப்படித் தாற? பைலில இருக்கிறதக் கேளுங்க, தாறன்."

அதற்காக அவர் ஒரு புதுப் படிவமும் தந்து, இருக்க ஒரு கதிரையும் காட்டினார். அங்கேயே இருந்து திரும்ப எழுதினேன். புள்ளிப் பட்டியல் கிடைத்த திகதி என்ன? நேர்முகக் குழு நியமிக்கப்பட்டுவிட்டதா? அழைக்கப்பட வேண்டியோர் பட்டியல் அங்கீகரிக்கப்பட்டதா, அதில் கடைசியாக உள்ளவரின் மொத்தப் புள்ளி என்ன? எனது முகவரி மாற்றக் கடிதம் கோவையில் சேர்க்கப்பட்டுள்ளதா? இந்த நான்கும்தான்.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். சனி, ஞாயிறை விட்டு எண்ணினால் ஜூலை 4, வெள்ளி. அதற்குள் பதில் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் 14 நாள்தான். நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

"கிராம உத்தியோகத்தர் சான்றிதழை இப்பவே எடுத்து வை மகள், பிறகு ஓடித் திரியாம" என்று அம்மா ஒரு கிழமையாகச் சொல்கிறா. நான் எடுக்கவில்லை. பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான் அது செல்லும். கூப்பிடும் நாள் தெரியாமல் எடுத்தால், கூப்பிடும்போது காலாவதியான தாளோடு போய் நிற்க வேண்டி வரும். இங்கே எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் கிடைக்கிற சான்றிதழ் அது. கடைசியில் எடுக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியவை, இழுபடுகிற வேலைகள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் "பிள்ளை" என்று முடிகிறது. அடையாள அட்டையில் அந்தப் "பிள்ளை" இல்லை. சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்தேன்.

அதைவிடப் பெரிய பயம் பட்டச் சான்றிதழில் இருந்தது. எல்லாத் தகைமையும் விண்ணப்ப இறுதித் திகதிக்கு முன் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று வர்த்தமானி சொல்கிறது. எங்கள் பட்டமளிப்பு விழா நடந்ததோ அந்தத் திகதிக்கு நான்கு மாதத்துக்குப் பிறகு. இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். கீழே பட்டம் அமுலுக்கு வரும் திகதி தனியாக இருக்கிறது, விழாத் திகதி அல்ல. அது இறுதித் திகதிக்கு ஐந்து மாதம் முந்தியது. நேர்முகத்தில் பார்ப்பது அதைத்தான் என்று மாமாவும் சொன்னார். என்றாலும் அந்தத் திகதியைத் தெளிவாகக் காட்டும் விரிவான பெறுபேற்றுத் தாளுக்கு வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்ணப்பித்துவிட்டேன். என்னோடு படித்தவர்களே, உங்கள் சான்றிதழையும் எடுத்து அந்த வரியை ஒருக்கால் பாருங்கள்.

ஜூலை 3, வியாழன்

தபால்காரர் படலையில் நின்று மணி அடித்தார். நீள உறை. கை நடுங்கியதால் அம்மாதான் கிழித்துத் தந்தா. கூப்பிடும் கடிதம் இல்லை, தகவல் உத்தியோகத்தரின் பதில். வட்டம் போட்ட நாளுக்கு ஒரு நாள் முந்தி.

புள்ளிப் பட்டியல் ஏப்ரலிலேயே கிடைத்திருக்கிறது. நேர்முகக் குழு ஜூனில் நியமிக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் அங்கீகரிக்கப்பட்டு, அழைப்புக் கடிதங்கள் தயாரிக்கப்படுகின்றன. திகதி தீர்மானிக்கப்படவில்லை. கடைசியாக உள்ளவரின் மொத்தப் புள்ளி 121. என்னுடையது 126.

அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நான்காவது பதில் ஒரே வரி: எனது கடிதம் கோவையில் சேர்க்கப்பட்டு, களுதாவளை முகவரி பதியப்பட்டுள்ளது.

திகதி இன்னும் இல்லைதான். ஆனால் பட்டியலும் குழுவும் ஆயத்தம், கடிதமும் தயாராகிறது. இனி ஆறு மாதம் தாண்டிப் போகாது. திங்கட்கிழமை காலையில் கிராம உத்தியோகத்தரிடம் போகிறேன்.