அம்மாவின் சிகிச்சைக்காக ஒரு செமஸ்டர் விடுப்பு: விண்ணப்பித்ததும் திரும்பச் சேர்ந்ததும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் யாருக்காவது பெரிய நோய் வந்து படிப்பை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நில்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எழுதிக் கொடுக்காமல் நின்றால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய், தேர்வு எழுத முடியாமல் டிடெயின் ஆகிவிடுவோம். 65 வரை தரும் மருத்துவச் சலுகை மாணவருக்கே நோய் என்றால்தான். அம்மா அப்பாவின் நோய்க்குக் கிடையாது. டிடெயின் ஆன காலத்தைப் பிறகு அனுமதி பெற்ற விடுப்பாகவும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அனுமதியோடு நின்றால் அந்தக் காலம் முதல் வகுப்பு, டிஸ்டிங்ஷன் கணக்கைக் கெடுக்காது.

நான் 2020-ல் சேர்ந்தவன். ஐந்தாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தபோது, 2022 செப்டம்பரில், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் வீடு குடியாத்தம், சிகிச்சை வேலூரில். அப்பாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை, தம்பி பிளஸ் டூ. கூட இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

விண்ணப்பம் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் போயாக வேண்டும் என்பது விதி. அதனால் முதல் கீமோ தேதி கிடைத்த உடனே எச்.ஓ.டி-யைப் பார்த்துவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “சரிப்பா, எப்ப திரும்பி வருவ?” என்பதுதான். காரணத்தோடு, எப்போது திரும்பச் சேர்வோம் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். நிறைய பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ‘அம்மா குணமானதும் வருகிறேன்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

இங்கேதான் டாக்டரின் கடிதம் உதவுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இருக்கும், காலக்கணக்கு இருக்காது. அதனால் சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் மூன்று விஷயம் மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: என்ன நோய், சிகிச்சை ஏறத்தாழ எந்த மாதம் வரை, நோயாளியோடு ஒருவர் இருக்க வேண்டுமா. அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒன்று என எட்டு கீமோ. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. அப்புறம் ஆபரேஷன். அதன் புண் ஆறியதும் ரேடியேஷன். அது வாரத்தில் ஐந்து நாள். எப்படிப் பார்த்தாலும் ஜூன் ஆகும் என்று டாக்டர் எழுதினார்.

அதை வைத்து என் கடிதத்தில் எழுதியது இவ்வளவுதான்: “2023-24 கல்வியாண்டின் ஒற்றைப்படை செமஸ்டர் தொடங்கும் நாளில் ஐந்தாம் செமஸ்டரில் மீண்டும் சேர்வேன். ஜூலை முதல் அம்மாவின் பரிசோதனைகளுக்கு என் சித்தி உடன் செல்வார். அவரது ஒப்புதல் கடிதம் இணைப்பில்.” சித்தியின் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் ‘மறுபடியும் இவன் லீவு கேட்பானோ’ என்ற சந்தேகத்துக்கு அதில் பதில் இருந்தது. அப்பாவின் கையெழுத்தையும் வாங்கி வைத்தேன்.

ஒரு செமஸ்டர்தானே என்று நினைப்போம். உண்மையில் போவது ஒரு வருடம். ஐந்தாவது செமஸ்டர் அடுத்த ஆண்டு அதே பருவத்தில்தான் மறுபடி நடக்கும். பாதி வரை எழுதிய இன்டர்னல் மதிப்பெண்ணும் போய்விடும். அதனால் செமஸ்டர் முடியும் தறுவாயில் இருந்து, வீட்டில் எப்படியாவது சமாளிக்க முடியுமென்றால், அந்தத் தேர்வை எழுதிவிட்டு அடுத்த செமஸ்டரிலிருந்து விடுப்பு எடுப்பது நல்லது. அப்போதும் ஒரு வருடம் போகும், ஆனால் எழுதிய செமஸ்டர் கையில் இருக்கும். எங்களுக்குக் கீமோவைத் தள்ளிப்போட வழியில்லை. விடுப்பு பொதுவாக ஒரே தடவை, அதிகபட்சம் ஒரு வருடம் என்பதையும், விடுப்பையும் சேர்த்தே பி.இ.யை ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் இருந்தால் அனுமதிக் கடிதத்தின் நகலை உடனே வங்கியில் கொடுத்துவிடுங்கள். படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான் தவணை தொடங்கும். தன்னாட்சிக் கல்லூரியிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள் அவரவர் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

திரும்பி வந்தபோது இன்னொரு வேலை இருந்தது. நான் சேர்ந்தது 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு வந்த விதிகளிலும் பாடத்திட்டத்திலும். திரும்பிப் போன வகுப்போ 2021 ரெகுலேஷனில் படித்துக்கொண்டிருந்தது. திரும்பச் சேரும்போது எந்த ரெகுலேஷன் நடக்கிறதோ அதுதான் நமக்கும். புதியதில் முந்தைய செமஸ்டர்களிலேயே வந்துவிட்டு நாம் படிக்காமல் விட்ட பாடங்கள் இருந்தால் கூடுதலாக எழுத வேண்டும். எது எதற்குச் சமம், எதைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று முடிவு செய்யக் கல்லூரி மூலமாகவே தனி விண்ணப்பம் உண்டு. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே பழைய மதிப்பெண் பட்டியல்களோடு அதைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் இறுதியாண்டில், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நேரத்தில், இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்று எழுதாமல் நிற்கிறது என்று தெரியவரும்.