மடை போய்க் கரையைக் கட்டிய கதை

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கரை உயர்த்தி, மடையைப் புதுப்பித்து, கரம்பை அள்ளினோம். வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் எழுதி அவர்களுடைய இணையப் படிவத்தில் போட வேண்டும். 250 சொல்தான் இடம். 251ஆவது சொல்லை அந்தப் பெட்டி வாங்காது. நான் எழுதி வைத்திருந்தது 338.

விஷயத்தில் வெட்ட ஒன்றுமில்லை. மூன்று மடை, உபரித் தண்ணீர் வழிகிற ஒரு கலுங்கு, வரத்துக்கால்வாய், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆளான நீர்பாய்ச்சி, விவசாயிகள் போட்ட பங்கு எல்லாம் சொல்லியாக வேண்டும். அப்படியென்றால் வாக்கியத்தைத்தான் சுருக்க வேண்டும். அப்போதுதான் காலேஜில் படித்த ‘ஹேவிங்’ நினைவுக்கு வந்தது. வேலையை முடித்துவிட்டு என்பதற்கு ‘ஹேவிங் ஃபினிஷ்ட் வொர்க்’ என்போமே, அது.

(ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள். இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.)

முதலில் எழுதியது இது:

ஆஃப்டர் வி ஹேட் ஃபினிஷ்ட் த வொர்க் ஆன் த பண்ட், வி ஓபன்ட் த ஸ்லூஸ்.

13 சொல். இதை இப்படி மாற்றினேன்:

ஹேவிங் ஃபினிஷ்ட் த பண்ட், வி ஓபன்ட் த ஸ்லூஸ்.

8 சொல். ஐந்து மிச்சம். ஆஃப்டரும் போனது, இரண்டு தடவை வந்த ‘வி’யில் ஒன்றும் போனது. இது கணக்கும் சரி, இலக்கணமும் சரி. இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. எனக்கு ருசி கண்டுவிட்டது. பதினான்கு இடத்தில் ‘ஹேவிங்’ போட்டு, அங்கங்கே கொஞ்சம் கிள்ளி, 247க்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் இன்னொரு வேலையும் செய்தேன். ‘நாங்கள், நாங்கள்’ என்று எழுதுவது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. அறிக்கை என்றால் செயப்பாட்டு வினையில் இருக்க வேண்டும் என்று நினைத்து, ‘வி ஓபன்ட் த ஸ்லூஸ்’ என்பதை ‘த ஸ்லூஸ் வாஸ் ஓபன்ட்’ என்று திருப்பிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் நரிமேட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அவரிடம் படித்திருக்கிறது. பேனாவை எடுத்து ஒன்பது ‘ஹேவிங்’கைச் சுழித்தார்.

“தம்பி, இங்க பாருங்க. கரையை முடிச்சது யாரு?”

“நாங்கதான் சார்.”

“இதுல நீங்க எங்க இருக்கீங்க? கமாவைத் தாண்டுனதும் நிக்கிறது மடை. மடை போயி கரையைக் கட்டிட்டு வந்து தானா தெறந்துக்கிச்சா?”

நான் சிரித்தாலும் உள்ளுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை. ‘கரையை முடித்துவிட்டு மடை திறக்கப்பட்டது’ என்று தமிழில் தினசரிகளிலேயே வருகிறது, யாரும் மடைதான் கரை கட்டியது என்று எடுத்துக்கொள்வதில்லை. அதைத்தான் அவரிடம் கேட்டேன்.

அவர் சொன்னதுதான் எனக்கு முழுப் புதிரையும் விடுவித்தது. தமிழிலும் அந்த விதி இருக்கிறது. செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்ற வாய்பாட்டு வினையெச்சங்கள் தம்முடைய வினைமுதலையே கொள்ளும் என்று நன்னூல் சொல்கிறது. ‘வந்து உண்டான்’ என்றால் வந்தவனும் உண்டவனும் ஒரே ஆள். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதுபோல் ‘செய’ என்ற வாய்பாட்டில் வந்தால் வேறு வினைமுதலும் வரலாம். ஆனால் நடைமுறையில் தமிழ் இதில் தாராளம். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்று உரைகாரர்களே உதாரணம் காட்டி, பட்டு என்பது பட என்ற பொருளில் நிற்கிறது என்று வழிவிட்டிருக்கிறார்கள். ‘மழை பெஞ்சு கண்மாய் நெறஞ்சுச்சு’ என்று நாம் சொல்லும்போது பெய்தது மழை, நிறைந்தது கண்மாய். யாருக்கும் உறுத்துவதில்லை.

ஆங்கிலத்துக்கு உறுத்தும். கமாவுக்கு அடுத்து வருகிற பெயரைத்தான் அது எச்சத்தின் ஆளாகப் பிடித்துக்கொள்ளும். ஆள் கிடைக்காமல் அந்தரத்தில் நிற்கிற எச்சத்துக்கு அங்கே ‘டேங்க்லிங் பார்ட்டிசிப்பிள்’ என்று பெயர், தொங்கல் எச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்க் காதோடு எழுதினால் தொங்குவது நமக்குக் கேட்கவே கேட்காது. அதனால்தான் ஒன்பதும் என் கண்ணில் தப்பியது. ஒன்பதில் ஆறு, நான் செயப்பாட்டுக்குத் திருப்பிய வாக்கியங்கள். ‘வி’யைத் தூக்கியதும் எச்சத்துக்கு ஆளில்லாமல் போய்விட்டது. இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் தப்பில்லை. சேர்த்துச் செய்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம்.

சோதிக்க அவர் சொன்ன வழி சின்னது. ‘ஹேவிங்’ வரும்போதெல்லாம் “யாரு?” என்று கேட்க வேண்டும். கமாவைத் தாண்டிய முதல் பெயர் அதற்குப் பதிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொங்குகிறது. (‘கன்சிடரிங்’ மாதிரி சில சொற்கள் பழகிப் பழகி இதிலிருந்து விடுபட்டுவிட்டன. அவற்றுக்கு ஆள் தேட வேண்டாம்.)

ஆறு வாக்கியத்தில் ‘வி’யைத் திரும்பக் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. மழை வாக்கியம்தான் படுத்தியது:

ஹேவிங் ரெய்ன்ட் ஃபார் டூ வீக்ஸ், த டேங்க் ஃபில்ட்.

யார் பெய்தது? கண்மாய் பெய்தது. இதில் ‘வி’யையும் போட முடியாது, நாங்களும் பெய்யவில்லையே. எச்சத்துக்குச் சொந்தமாக ஒரு ஆளைக் கொடுத்து ‘இட் ஹேவிங் ரெய்ன்ட்’ என்றோ ‘த ரெய்ன்ஸ் ஹேவிங் கம்’ என்றோ எழுதலாம், இலக்கணத்தில் இடமுண்டு. ஆனால் பழைய கோர்ட்டு ஆவணம் மாதிரி இருக்கும். கடைசியில் எச்சத்தையே விட்டுவிட்டோம்:

ஆஃப்டர் டூ வீக்ஸ் ஆஃப் ரெய்ன், த டேங்க் ஃபில்ட்.

எண்ணிப் பாருங்கள், அதுவும் 8, இதுவும் 8. ‘ஹேவிங்’ போட்டால் எப்போதும் சுருங்கும் என்று நான் நினைத்தது அங்கேயே உடைந்தது. வினையைப் பெயராக்கி ‘ஆஃப்டர்’ போட்டாலே பல இடத்தில் அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, தொங்குகிற பயமும் இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் காலம் பற்றிய சிக்கல். ‘ஹேவிங் வாக்ட் த பண்ட், வி கவுன்ட்டட் லெவன் ப்ரீச்சஸ்’ என்று எழுதியிருந்தேன். கரையில் பதினொரு உடைப்பு எண்ணினோம் என்று சொல்ல வந்தது. “நடந்து முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து எண்ணுனீங்களா?” என்றார். ‘ஹேவிங்’ என்றால் ஒரு வேலை முடிந்து, அதற்கப்புறம்தான் அடுத்தது. கூடவே நடப்பதற்கு வெறும் ‘வாக்கிங் த பண்ட்’ போதும். நமக்கு நடந்துவிட்டு, நடந்துகொண்டே என்ற வித்தியாசம்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஹேவிங்’ போட்டுவிடுகிறோம், அது கொஞ்சம் படித்த சொல்லாகத் தெரிவதால். எதிர்மறையில் ‘நாட்’ முன்னால் வரும் என்பதும் அன்றைக்குத்தான் உறுதியானது: ‘நாட் ஹேவிங் சீன்’ என்பதுதான் வழக்கு.

பெயரெச்சம் வருகிற இடத்தில் எனக்கு இன்னொரு பாடம். ‘த ஸ்லூஸ், விச் ஹேட் பீன் ப்ரோக்கன் இன் த ஃப்ளட், வாஸ் ரீபில்ட்’ என்று 11 சொல் இருந்தது. ‘விச் ஹேட் பீன்’ மூன்றையும் வெட்டி, கமாவையும் எடுத்துவிட்டேன். ‘த ஸ்லூஸ் ப்ரோக்கன் இன் த ஃப்ளட் வாஸ் ரீபில்ட்’, 8 சொல். நம்முடைய ‘வெள்ளத்தில் உடைந்த மடை’ அப்படியே அங்கே பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. சுருக்கம் சரிதான், ஆனால் கமாவை எடுத்ததில் பொருள் மாறிவிட்டது. கமா இருந்தால் மடை ஒன்றுதான், அது உடைந்தது என்பது உபரித் தகவல். கமா இல்லையென்றால் பல மடைகளில் உடைந்தது எதுவோ அது என்று ஆகும். எங்கள் கண்மாயில் மூன்று மடை, உடைந்தது நடுமடை மட்டும். ஆகவே எனக்குக் கமா இல்லாததே பொருத்தம். தெரிந்து செய்யவில்லை, குருட்டு அதிர்ஷ்டம். தமிழில் ‘உடைந்த மடை’ இரண்டுக்கும் பொது என்பதால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் பிடிவாதமாக விட மறுத்த வாக்கியம் ஒன்று உண்டு. நீர்பாய்ச்சியைப் பார்த்து, பேசி, நாள் குறித்து, ஆள் கூட்டினோம் என்று தமிழில் மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம். எச்சத்தை அடுக்குவது நம் மொழிக்கு இயல்பு, கடைசி வினைமுற்று எல்லாவற்றையும் தாங்கும். அதே அடுக்கை ‘ஹேவிங் மெட், ஹேவிங் டாக்ட், ஹேவிங் ஃபிக்ஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அழகாகத்தான் இருந்தது. சார் வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது ‘ஹேவிங்’கில் எனக்கே நாக்கு தடுக்கியது. ஆங்கிலத்தில் இதற்கு எச்சமே வேண்டாம், முற்றுவினைகளையே அடுக்கிக் கடைசியில் ஒரு ‘அண்ட்’ போட்டால் போதும்: ‘வி மெட் த வாட்டர்மேன், ஃபிக்ஸ்ட் எ டேட் அண்ட் ஹையர்ட் த மென்.’ 11 சொல். பேசினோம் என்பது போய்விட்டது. நாள் குறித்தார்கள் என்றால் பேசாமலா குறித்திருப்பார்கள்?

கடைசி நாள் நாங்கள் உரசிக்கொண்டது ஒரே இடத்தில். ‘ஹேவிங் லாஸ்ட் டூ க்ராப்ஸ், த ஃபார்மர்ஸ் ஸ்டாப்ட் பேயிங் த வாட்டர்மேன்.’ இரண்டு போகம் போனது, விவசாயிகள் நீர்பாய்ச்சிக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். இதில் ஆள் சரி, காலமும் சரி, தொங்கவில்லை. சார் இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. போகம் போனதால் நிறுத்தினார்களா, போன பிறகு வேறு எதற்காகவோ நிறுத்தினார்களா? ‘ஹேவிங்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. படிப்பவர் நீர்பாய்ச்சியோடு ஏதோ தகராறு என்று நினைத்துவிடக் கூடாது. நெல் இல்லாததால்தான் அவருக்கு நெல் போகவில்லை, அறிக்கையின் உயிரே அந்த வரிதான். ‘பிகாஸ் தே ஹேட்’ என்று எழுதினேன், இரண்டு சொல் கூடியது. சார் உதட்டைப் பிதுக்கினார், ஆனால் அடிக்கவில்லை.

பதினான்கில் மிஞ்சிய ‘ஹேவிங்’ இரண்டு. மொத்தம் 249 சொல், பெட்டி வாங்கிக்கொண்டது.