அச்சு முழுக்க இறுகிவிட்டது, மயில் தொட்ட இடம் மட்டும் இறுகவில்லை

அக்கா மகளின் சாமத்திய வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் அறுபது சின்ன மயில்கள் வார்க்க வேண்டியிருந்தது. அச்சு செய்வதற்கான மூல மயிலை ரெசின் பிரிண்டரில் எடுத்தேன், 8 செ.மீ. உயரம், பின்பக்கம் தட்டை. அல்கஹோலில் கழுவி, யூவி வெளிச்சத்தில் வைத்து, அடுத்த நாளே பிளாட்டினம் சிலிக்கோனை ஊற்றினேன்.

மறுநாள் பிரித்தபோது வெளிப்பக்கம் ரப்பர் போல நன்றாக இருந்தது, ஆனால் மயில் தொட்டிருந்த பக்கமெல்லாம் விரலில் ஒட்டுகிற பசை. தோகையின் கோடு ஒன்றுகூடப் பதியவில்லை. கலவை அளவு பிழைத்திருந்தால் அங்கங்கே திட்டுத்திட்டாகவோ முழுக்கவோ இளகியிருக்கும். மூலத்தைத் தொட்ட பக்கம் மட்டும் இறுகவில்லை என்றால் குற்றம் மூலத்தில்தான்: ரெசினில் எஞ்சியிருப்பவை, சிலிக்கோனை இறுக வைக்கும் பிளாட்டினத்தின் வேலையைத் தடுத்துவிடும். யூவியில் காய வைத்த பிறகும் இது நடக்கும். லேட்டெக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும் என்பதால் இப்போது நைட்ரைல்தான் போடுகிறேன்.

பழைய மயிலைத் துடைத்துப் பெயின்ட் அடிக்கப் பார்த்தேன். சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ட் வட்ட வட்டமாக விலகி ஓடியது, அதனால் புதிதாக ஒன்று பிரிண்ட் செய்தேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. யூவியில் கூடுதல் நேரம் வைத்தேன். கார் பெயின்ட் கடையில் வாங்கிய ஃபில்லர் பிரைமரை மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன், ஒவ்வொரு தடவையும் காய்ந்தபின் 400 நம்பர் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் 800. தோகையின் பள்ளத்துக்குள் பேப்பர் போகாது, தீக்குச்சி முனையில் சுற்றித்தான் தேய்த்தேன். தடிப்பாக அடித்தால் அந்தக் கோடுகளே நிரம்பிப் போய்விடும். பிறகு ரெசின் சிலிக்கோனைத் தொடாமல் தடுக்க அக்ரிலிக் கிளியர் இரண்டு தடவை. வெள்ளவத்தையில் அந்த வாரம் விடாத மழை, கிளியர் காய்ந்த மாதிரித் தெரிந்தும் நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. மூன்று நாள் விட்டேன்.

ஊற்றுவதற்கு முன் செய்ததுதான் முக்கியம். மயிலின் அடிப்பக்கத்திலும் அதே கிளியரை அடித்திருந்தேன். அங்கே ஒரு தேக்கரண்டி சிலிக்கோன் கலந்து ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் உரித்தபோது சுத்தமாக வந்தது, கீழே பசை இல்லை. எல்லா கிளியரும் தடுக்கும் என்று நம்ப முடியாது, அதனால் இந்தப் பொட்டை இனி எப்போதும் வைப்பேன்.

அப்புறம் மயிலை ஒரு டைலில் ஒட்டி, சுற்றி ஒரு செ.மீ. இடம் விட்டுச் சுவர் கட்டினேன். ஒட்டாவிட்டால் சிலிக்கோன் அடியில் புகுந்து தூக்கிவிடும். சிலிக்கோன் டப்பாவில் கலந்தபின் 40 நிமிடம் என்றிருந்தது, நம்ம ஊர்ச் சூட்டில் 25 நிமிடத்திலேயே தடிக்கத் தொடங்கியது. ஒரு மூலையில் நூல் போல ஊற்றி, அது தானாக ஏறி மயிலை மூட விட்டேன், குமிழி இல்லை.

அந்த ஒரே அச்சில் அறுபதும் வந்தன, தோகைக் கண்கள் வரைக்கும்.