சக்கை ஈரமும் சிம்னிப் புகையும்

மதுரைப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் பாய்லர் பிரிவில் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்தேன். கரும்பு அரைக்கும் பருவத்தில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களிடம் சொல்லும் குறை ஒன்றுதான். "தம்பி, மொட்டை மாடியில ஒரு வெள்ளை வேட்டி காயப்போட முடியல." மாடியில் விழுந்து கிடப்பதை விரலால் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். அது சாம்பல் இல்லை, எரியாமல் பறந்து வந்த கரி.

ஒரு டன் கரும்பை அரைத்தால் 280 முதல் 300 கிலோ வரை சக்கை வரும். அதை எரித்து உயர் அழுத்த நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றினால் மின்சாரம். டர்பைனை விட்டு வெளியேறும் நீராவி சாறு காய்ச்சப் போய்விடும். ஆலைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை விற்கலாம். சக்கையில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் நிலக்கரி பாய்லர்போல் கந்தகப் புகைக்கு அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எங்கள் பாடெல்லாம் தூசோடுதான். இயல்நிலையில் ஒரு கன மீட்டர் புகைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் தூசு கூடாது என்று 2016-ல் சர்க்கரை ஆலைகளுக்கு விதி வந்தது.

சரி, தூசைப் பிடிக்க என்ன செய்வது? புகையைச் சுழற்றித் தூசைக் கீழே தள்ளும் சைக்ளோன் பெரிய துகளை மட்டும்தான் பிடிக்கும். தண்ணீர் தெளிக்கும் ஸ்க்ரப்பர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்ற அடுத்த தலைவலி வரும். எங்களிடம் இருந்தது இஎஸ்பி. தூசுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்ட வைத்து, தட்டிக் கீழே உள்ள ஹாப்பரில் விழச் செய்யும். சாம்பலை அது அழகாகப் பிடித்துவிடும். கரி அப்படியில்லை. மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், தகட்டில் ஒட்டியதுமே தன் மின்னேற்றத்தை இழந்து மறுபடி புகையோடு கிளம்பிவிடும். அதனால் அடுப்பில் சரியாக எரியாததை இஎஸ்பி சரிக்கட்டிவிடும் என்று நம்பக்கூடாது.

சக்கை ஏன் சரியாக எரிவதில்லை? பெரும்பாலும் ஈரம்தான். வழக்கமாக மில்லிலிருந்து வரும் சக்கையில் பாதி எடை தண்ணீர். கடைசி மில்லின் உருளைகள் தேய்ந்தாலோ, சர்க்கரையைக் கழுவி எடுக்க ஊற்றும் தண்ணீர் வடியாமல் நின்றாலோ ஈரம் 54 சதவீதம் வரை ஏறும். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கும். ஒரு கிலோ சக்கைக்கு 2.2 கிலோ நீராவி என்று வைத்தால், மணிக்கு 80 டன் நீராவிக்கு 36 டன் சக்கை போதும். ஈரம் 54 ஆனதும் ஒரு கிலோவில் பயன்படும் வெப்பம் சுமார் 1,800 கிலோகலோரியிலிருந்து 1,600-க்கு இறங்கும். அதே நீராவிக்கு இப்போது ஏறக்குறைய 41 டன் சக்கை வேண்டும். மணிக்கு நாலு டன் தண்ணீர் கூடுதலாக ஆவியாகிப் புகையோடு போகும். அடுப்பு குளிரும், புகை வேகம் கூடும், பாதி எரிந்த துகளை அது தூக்கிக்கொண்டு கிளம்பும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வரை போக வேண்டியதில்லை. ஹாப்பரில் விழுவது சாம்பல் நிறமாக இருந்தால் நிம்மதி. கறுப்பாக, கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருந்தால் கரி. அளவு தெரிய வேண்டுமானால் லேபில் மாதிரியை மூடியில்லாக் கிண்ணத்தில் வைத்து உலையில் எரித்து எடைக்குறைவைப் பார்ப்பார்கள்.

கரி சேர்ந்தால் புகை மட்டும் பிரச்சினை இல்லை. ஹாப்பரை ஒழுங்காகக் காலி செய்யாமல், அடியில் உள்ள சுழல் வால்வு வழியாகக் காற்றும் கசிந்தால் அந்தக் கரி உள்ளுக்குள்ளேயே கனன்று பிடித்துக்கொள்ளும். ஒருமுறை இரவு ஷிஃப்டில் ஹாப்பர் வெளிச்சுவரில் பெயின்ட் பொரிந்து உரிந்தது. உடனிருந்த பையன் கதவைத் திறந்து பார்க்கப் போனான். பழைய ஃபயர்மேன் ஒருவர், "தொடாதடா, காத்து போனா பத்திக்கும்" என்று கையைப் பிடித்தார். அவர் சொன்னது முழுக்க சரி. முதலில் அந்த ஹாப்பருக்கு மேலே இருந்த இஎஸ்பி தகடுகளுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்தோம், சக்கை வரத்தைக் குறைத்தோம், ஹாப்பரைத் திறக்காமல் கீழ்வழியாகவே இழுத்துக் காலி செய்தோம். காரணம் தேடிப் போனால், அன்று மாலையிலிருந்தே கடைசி மில்லின் அழுத்தம் குறைந்திருந்தது. பாய்லருக்கு யாரும் சொல்லவில்லை.

மில் ஃபோர்மேன் எனக்கு மூத்தவர். "அண்ணே, ஈரம் ஏறினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றேன். அவர் கேட்டது நியாயம்: "தண்ணிய குறைச்சா சக்கையோட சர்க்கரை போகுதுன்னு என்னைத்தானே திட்டுவாங்க?" இரண்டு பக்கத்துக்கும் கணக்கு வேறு. சர்க்கரை இழப்பு அவர் பேரில் ஏறும், புகை என் பேரில். கடைசியில் லேபின் ஈர அளவு மில்லுக்குப் போகும்போதே பாய்லர் கன்ட்ரோல் ரூமுக்கும் போகட்டும் என்று ஏற்பாடானது. 52-ஐத் தாண்டினால் சேமிப்பில் உலர்ந்திருக்கும் பழைய சக்கையைக் கலந்து கொடுப்போம். மழை பெய்து குவியலும் நனைந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். அப்போது மின்சாரம் விற்பதைக் குறைத்து, பாய்லரின் சுமையை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கணக்குப் பிரிவில் அதற்கு ஒருநாளும் நல்ல பேர் கிடைத்ததில்லை.