மண்ணீரல் பிளாட்டில் 50-க்குப் பக்கத்தில் தெரிந்த பேண்ட் பி53 இல்லை

மூன்று வாரம், ஒன்பது ஜெல், பாதிக் குப்பி ஆன்டிபாடி. இவ்வளவும் போன பிறகுதான், நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கறுத்த பேண்ட் என் புரதமே இல்லை என்று தெரிந்தது. மனசு இன்னும் ஆறவில்லை. சுண்டெலித் திசுவில் வெஸ்டர்ன் பிளாட் போடுகிற யாராவது இதைப் படித்து ஒரு வாரத்தை மிச்சம் பிடித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கேள்வி எளிமையானது. கதிர்வீச்சு பட்டால் செல்லுக்குள் டிஎன்ஏ உடையும், அது உடைந்தால் பி53 புரதத்தின் அளவு ஏறும். சுண்டெலிகளுக்கு 5 கிரே கொடுத்து, 4 மணி நேரம் கழித்து மண்ணீரலை எடுத்து, கதிர்வீச்சு படாத எலிகளோடு ஒப்பிட வேண்டும். ரிபா பஃபரில் அரைத்தது, பிசிஏ போட்டுப் புரதத்தை அளந்து லேனுக்கு 30 மைக்ரோகிராம் ஏற்றியது, 10 சதவீத ஜெல், பிவிடிஎஃப் மெம்பிரேனுக்கு மாற்றியது, பால்பொடியில் பிளாக் செய்தது, இரவு முழுக்கக் குளிர் அறையில் ப்ரைமரி ஆன்டிபாடி, காலையில் செகண்டரி ஆன்டிபாடி, ஈசிஎல், எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் லேனில் எடை காட்டும் லேடர், 2, 3 கதிர்வீச்சு படாதவை, 4, 5, 6 பட்டவை.

படம் திறந்ததும் ஐந்து லேனிலும் 50 கிலோ டால்டனுக்குச் சற்று மேலே தடித்த பேண்ட். பி53 கணக்குப்படி சுமார் 43 கிலோ டால்டன்தான், ஆனால் அதில் ப்ரோலின் அடர்ந்த ஒரு பகுதி இருப்பதால் ஜெல்லில் 53 மாதிரி ஓடும், பெயரில் உள்ள 53-உம் அப்படி வந்ததுதான். அதனால் 50-க்கு மேலே பேண்ட் தெரிந்ததும் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரே குறை, கதிர்வீச்சு பட்டதற்கும் படாததற்கும் வித்தியாசமே இல்லை. சரி, நேரம் போதவில்லை போல என்று 2 மணி, 6 மணி, 8 மணி என்று மாற்றி மாற்றி எடுத்தேன். ப்ரைமரியை 1:500 ஆக்கினேன், 1:2000 ஆக்கினேன். பேண்ட் அசையவே இல்லை.

இங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ப்ரைமரியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தும் பேண்ட் மங்கவில்லை என்றால் அந்த பேண்டுக்கும் ப்ரைமரிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று, நலமாக இருக்கிற செல்லில் பி53 தங்கவே தங்காது. எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சே படாத மண்ணீரலில் பத்து விநாடி எக்ஸ்போஷரில் கறுப்பாக ஒரு பி53 பேண்ட் வருகிறது என்றால், பேண்டைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் எலியையும் கதிர்வீச்சையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து லேபில் பி53 ஜீனை நீக்கிய எலிகள் இருந்தன. கெஞ்சிக் கேட்டு, கதிர்வீச்சு கொடுத்த ஒரு நாக்கவுட் மண்ணீரலில் ஒரு துண்டு வாங்கி 7-வது லேனில் ஏற்றினேன். புரதமே இல்லாத எலி, அந்த லேன் வெறுமையாக இருக்க வேண்டும். அதிலும் அதே பேண்ட், அதே தடிமன். கை நடுங்கிவிட்டது. மாதிரியை மாற்றி ஏற்றிவிட்டேனோ என்று மறுநாள் இன்னொரு ஜெல் ஓட்டினேன், அதிலும் அப்படியேதான்.

எங்கள் சீனியர் அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரைமரி எதுல பண்ணது?" சுண்டெலியில் என்றேன். "திசு?" அதுவும் சுண்டெலி. "அப்ப ப்ரைமரியே போடாம ஒரு மெம்பிரேன் போட்டுப் பாரு."

போட்டேன். ப்ரைமரிக்குப் பதில் வெறும் பஃபர், மற்றதெல்லாம் அப்படியே. ஐந்து நிமிடம் முன்புவரை நான் பி53 என்று நம்பிக்கொண்டிருந்த பேண்ட் எல்லா லேனிலும் அப்படியே எழுந்து நின்றது.

நடந்தது இதுதான். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவில் பி53-ஐத் தேடிப் பிடிப்பது ப்ரைமரி மட்டும். ஒளியை உண்டாக்கும் எச்ஆர்பி நொதி இருப்பது செகண்டரியில், அந்த செகண்டரிக்கு பி53 என்றால் என்னவென்றே தெரியாது. சுண்டெலியின் ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் போய் ஒட்டு, அவ்வளவுதான் அதன் வேலை. மண்ணீரலோ ஆன்டிபாடி சுரக்கிற செல்கள் நிறைந்த உறுப்பு, போதாததற்கு ரத்தமும். என் மாதிரிக்குள்ளேயே எலியின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜி ஏராளமாக இருந்திருக்கிறது. பீட்டா மெர்காப்டோஎத்தனாலோடு கொதிக்க வைக்கும்போது ஐஜிஜி பிரிந்து, கனச் சங்கிலி சுமார் 50-லும் லேசுச் சங்கிலி சுமார் 25-லும் வந்து நிற்கும். பி53 நிற்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல. ஸ்டெயின் ஏற்றிய லேடரே ஓரிரண்டு கிலோ டால்டன் தள்ளி ஓடும் என்பதால், அதை வைத்து 50-ஐயும் 53-ஐயும் பிரிக்கப் பார்ப்பது வீண்.

25-இல் இன்னொரு பேண்ட் வந்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ஆன்டிபாடியை மிச்சம் பிடிக்க, மெம்பிரேனை 35-க்குக் கீழே வெட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். புது ஆன்டிபாடியோ புதுத் திசுவோ என்றால் முதல் தடவை மெம்பிரேனை வெட்டாதீர்கள். முழுசாகப் பாருங்கள், மேலே கிணறு வரைக்கும், கீழே சாயக் கோடு வரைக்கும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை செய்தேன், இது நிறையப் பேர் செய்வதில்லை. அதே மாதிரியை மெர்காப்டோஎத்தனால் இல்லாத பஃபரில் கலந்து ஓட்டினேன். ஐஜிஜியின் சங்கிலிகளைக் கட்டி வைத்திருப்பது டைசல்ஃபைடு பிணைப்பு, அது உடையாவிட்டால் முழு ஐஜிஜி 150 பக்கம் நிற்கும். பி53 என்றால் அவ்வளவு தூரம் போகாது. என் பேண்ட் 50-ஐ விட்டுக் கிளம்பி 150-க்குப் போய்விட்டது, அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இதைச் செய்தால் இரண்டு வகை மாதிரிகளுக்கும் நடுவே இரண்டு லேனாவது காலியாக விடுங்கள், மெர்காப்டோஎத்தனால் பக்கத்து லேனுக்குக் கசியும்.

ஆன்டிபாடி விற்றவர்களின் தாளில் இருந்த படமும் என்னை ஏமாற்றியது. ஒரே ஒரு பேண்ட், பளிச்சென்று. வளர்ப்புச் செல்லின் சாற்றில் எடுத்த படம் அது, அந்தச் செல்லில் ஐஜிஜி ஏது. திசுவில் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. கேட்டு எழுதியதற்கு வந்த பதிலும் பிளாக் செய்யும் நேரத்தைக் கூட்டுங்கள் என்பதுதான். பிளாக்கிங் மெம்பிரேனின் வெற்றிடத்தை மூடும், அங்கே ஏற்கனவே ஒட்டியிருக்கிற ஐஜிஜியை மறைக்காது.

மாற்று வழி மூன்று இருக்கிறது. எச்ஆர்பி நேரடியாக ஒட்டிய ப்ரைமரி, செகண்டரியே வேண்டாம். இல்லையென்றால் லேசுச் சங்கிலியை மட்டும் பிடிக்கிற செகண்டரி, அப்போது 50 பக்கம் சுத்தமாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் முயலில் செய்த ப்ரைமரி, அதற்கு முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கிற, எலி ஐஜிஜியோடு ஒட்டாதபடி வடிகட்டிய செகண்டரி. எனக்குச் சீக்கிரம் கிடைத்தது மூன்றாவது.

புது பிளாட்டில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, வயிறு கலங்கியது. இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் மெதுவாக வந்தது. 53-இல் ஒல்லியாக ஒரு கோடு, 4, 6 லேன்களில் தெளிவாக, 5-வது லேனில் மங்கலாக. 2, 3 காலி, நாக்கவுட்டும் காலி. 70 பக்கம் ஒரு பேண்ட் எல்லா லேனிலும் இருந்தது, ஆனால் நாக்கவுட்டிலும் இருந்ததால் அதை பி53 கணக்கில் சேர்க்க முடியாது என்று உடனே தெரிந்தது. அந்த ஒரு லேனுக்காக எத்தனை தடவை கெஞ்சினாலும் தகும்.

அப்புறம் அந்த 5-வது லேன். ஏற்றிய அளவு சமமா என்று தெரிந்துகொள்ள, மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து ஆக்டின் புரதத்தைப் பார்த்தேன், ஆறு லேனிலும் ஒரே அளவு. அப்படியென்றால் ஏற்றியது சமம், 5-வது எலிக்குக் கதிர்வீச்சு சரியாகப் படவில்லை என்று நோட்டில் எழுதியும் விட்டேன். இரவு வீட்டுக்குப் போய்தான் நினைவு வந்தது, மெம்பிரேனுக்கு மாற்றியவுடன் எல்லாப் புரதத்தையும் காட்டும் போன்சோ சாயம் போட்டு எடுத்த படம் இருக்கிறதே என்று. அதில் 5-வது லேன் முழுக்க வெளிறிக் கிடந்தது, மற்றதில் பாதிகூட இருக்காது.

ஆக்டின் ஏன் சமமாகத் தெரிந்தது? இமேஜரில் சாச்சுரேஷன் காட்டும் பொத்தானைத் தட்டினேன், எல்லா ஆக்டின் பேண்டும் நடுவில் சிவப்பாகிவிட்டது. 16 பிட் படத்தில் 65535-க்கு மேல் எண் கிடையாது, பாதி புரதம் இருந்தாலும் முழுசாக இருந்தாலும் கேமரா அந்த உச்சியில் போய் முட்டி நின்றுவிடும். ஒரே மாதிரியை 5, 10, 20, 30 மைக்ரோகிராம் என்று ஏற்றிப் பார்த்தேன். என் ஆன்டிபாடி அளவுக்கும் எக்ஸ்போஷருக்கும் ஆக்டின் 10 வரைதான் ஏறியது, அதற்கு மேல் கோடு படுத்துவிட்டது. நான் 30-இல் வைத்துக்கொண்டு சமம் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

5-வது ஏன் குறைந்தது என்பதும் தெரிந்தது. மண்ணீரல் சாறு டிஎன்ஏவால் கோழை மாதிரி இழுக்கும். அந்தக் குழாயை நான் சரியாக சோனிகேட் செய்யவில்லை, பிப்பெட் முனையில் நூலாக இழுபட்டுப் பாதிதான் கிணற்றில் இறங்கியிருக்கிறது. மறுபடி சோனிகேட் செய்து, பிசிஏ போட்டு, லேனுக்கு 30 ஏற்றி, இந்தத் தடவை ஆக்டினை விட்டுவிட்டு மெம்பிரேனின் மொத்தப் புரத ஸ்டெயினை வைத்துக் கணக்குப் போட்டேன். 5-வது எலியின் பி53 மற்ற இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. நோட்டில் எழுதியிருந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி போட்டு, போன்சோ படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்.