நினைவூட்டல் எப்போது ஒலிக்க வேண்டும்: தேர்வுக் காலத்தில் நான் போட்ட கணக்கு

போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போனது. கடைசி நாள் எனக்குத் தெரியாமல் இல்லை. அறிவிப்பு வந்த அன்றே அந்தத் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் நேரம் குறிக்காமல் முழுநாள் நிகழ்வாகப் பதிந்து, அரை மணி நேரம் முன்பு நினைவூட்டும்படி அமைத்திருந்தேன். முழுநாள் நிகழ்வு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதாக அந்தச் செயலி கணக்கிட்டதால், முந்தைய இரவு 11:30க்கு நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அது ஒலித்து அடங்கிவிட்டது. மறுநாள் வேலை முடிந்து மாலை 5 மணிக்கு மேல் நினைவு வந்து விண்ணப்பத்தைத் திறந்தேன். கையொப்பத்தைச் சொன்ன அளவுக்குள் சுருக்கிப் பதிவேற்றவே இருபது நிமிடம் ஆனது. கட்டணம் கணக்கிலிருந்து கழிந்தும் விண்ணப்பத்தில் ஏறவில்லை. மாலை 6 மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு, நிகழ்விலிருந்து பின்னோக்கி எண்ணும் வழக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு காரியம் கைமீறிப் போகும் கடைசி நொடி எது, அதைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும், இடையில் பிசகினால் சரிசெய்ய எவ்வளவு வேண்டும் என்ற மூன்றையும் கூட்டியே இப்போது நேரம் குறிக்கிறேன். அப்படிக் கிடைக்கும் நேரத்தில் நான் அந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பேனா என்பதையும் பார்க்கிறேன். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது வரும் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடுவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது.

குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். காலைத் தாள் 9:30க்குத் தொடங்குகிறது. ஆனால் தேர்வு மையத்தின் வாயில் அரை மணி நேரம் முன்னதாக, 9 மணிக்கே மூடப்படும். ஆகவே கணக்கு 9 மணியிலிருந்து தொடங்க வேண்டும். தங்கியிருக்கும் இடத்திலிருந்து மையத்துக்கு 40 நிமிடப் பேருந்துப் பயணம் என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை நகரப் பேருந்துகள் இடைவெளி விட்டு வரும் என்பதற்காக இன்னொரு 30 நிமிடத்தையும், வாசலில் சோதனை வரிசைக்காக 20 நிமிடத்தையும் சேர்த்து, காலை 7:30க்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் "கிளம்பு" என்ற நினைவூட்டலை 7:15க்கு வைக்கிறேன். "தேர்வு" என்ற ஒற்றைச் சொல்லை எழுதி வைத்தால் ஒலிக்கும் நேரத்தில் அதற்குப் பொருளே இருக்காது. ஒவ்வொரு நினைவூட்டலும் செய்ய வேண்டிய வேலையைச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழைகள் முந்தைய நாட்களில்தான் நடக்கின்றன. ஹால் டிக்கெட்டை அச்செடுப்பது ஐந்து நிமிட வேலை என்று சனிக்கிழமை இரவுக்குத் தள்ளிவைப்பவர்கள் பலர். தெருமுனை ஜெராக்ஸ் கடை அன்று பூட்டியிருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்க, ஹால் டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் முன்னெழுத்தில் மாறுபட்டிருந்தால் தேர்வு நடத்துவோருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதில் பெற வேலை நாட்கள் வேண்டும். ஆகவே இந்த ஒரு வேலையையே இரண்டாகப் பிரிக்கிறேன். ஹால் டிக்கெட் வெளியான அன்று மாலையே பதிவிறக்கி, பெயர், புகைப்படம், மைய முகவரி மூன்றையும் சரிபார்ப்பதற்கு ஒரு நினைவூட்டல். அச்செடுத்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவோடும் அடையாள அட்டையோடும் ஒரே உறைக்குள் வைப்பதற்கு வியாழன் மாலை 6 மணிக்கு இன்னொன்று. சனிக்கிழமை மாலையை மையத்தை நேரில் பார்த்து வருவதற்கு ஒதுக்குகிறேன். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊர்களில் இந்த நடை வீண் போவதில்லை.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு வாரங்களில் போகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பின் அது அடுத்தடுத்த அலுவலர்களின் ஒப்புதலைப் பெற வேண்டியிருப்பதால், எனக்கு ஒருமுறை இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனது. கூகுள் நாட்காட்டியில் ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் நான்கு வாரம் முன்புவரைதான் நினைவூட்டல் வைக்க முடியும் என்பதால், இத்தகைய வேலைகளைத் தேர்வு நாளோடு தொங்கவிடாமல் தனி நிகழ்வாகவே பதிவது நல்லது.

நேர்காணலுக்கு டெல்லி செல்ல வேண்டியிருந்தபோது விமானத்துக்கும் இதே முறையைப் பின்பற்றினேன். சென்னையிலிருந்து காலை 6:15 விமானம். உள்நாட்டு விமானங்களில் பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படும். ஆகவே என் கெடு 5:15. முதல் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் என்பதால் சைதாப்பேட்டையிலிருந்து அதை நம்ப முடியாது. வாடகைக் காரை முந்தைய இரவே பதிவு செய்தாக வேண்டும். இங்கே "மூன்று மணி நேரம் முன்பு" என்று வைத்திருந்தால் அது 3:15க்கு ஒலித்திருக்கும். வண்டிக்குச் சொல்வதற்கு அது தாமதம். அதனால் முந்தைய நாள் மாலை 7 மணிக்கு வண்டி பதிவு செய்யவும் பெட்டியை எடை பார்க்கவும் ஒன்று, இரவு 9 மணிக்கு விமான நேரம் மாறியிருக்கிறதா என்று குறுஞ்செய்தியைப் பார்க்க ஒன்று, அதிகாலை 2:45க்கு எழுப்புமணி என மூன்று போதுமானதாக இருந்தது. விமான நேரம் மாறினால் நாட்காட்டியில் நிகழ்வின் நேரத்தைத் திருத்தியவுடன் அதைச் சார்ந்த நினைவூட்டல்கள் தாமாக நகரும். எழுப்புமணி நகராது என்பதை மறக்கக் கூடாது.

கட்டணங்களில் நிலைமை வேறு. இங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் பணம் கையில் இருக்கும் நாள். கடன் அட்டைக்கு 5ஆம் தேதி கடைசி நாள், சம்பளம் 1ஆம் தேதி என்றால், பத்து நாள் முன்னதாக வரும் நினைவூட்டலால் ஒரு பயனும் இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் பழகிய விரல், உரிய நாளில் வருவதையும் தள்ளிவிடும். வேறொரு செயலி வழியாகக் கட்டினால் தொகை அட்டைக் கணக்கில் ஏற இரண்டு மூன்று வேலை நாட்கள் ஆகக்கூடும் என்பதால் 1ஆம் தேதி மாலையே பொருத்தமானது. தானாகப் பிடித்தம் செய்யும் ஏற்பாடு இருந்தால், நினைவூட்டல் கட்டுவதற்காக அல்ல, கணக்கில் போதிய இருப்பு உள்ளதா என்று பார்ப்பதற்காக இருக்க வேண்டும். அட்டை வழியான தொடர் பிடித்தங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் வேறு கணக்கிலிருந்து பணம் மாற்ற வேண்டியவர்களுக்கு அந்த ஒரு நாள் போதாமல் போகலாம், ஆகவே நான் மூன்று நாள் முன்பு பார்க்கிறேன். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மீட்டர் கணக்கெடுத்த நாளைப் பொறுத்து வருவதால், அதற்கு மாதாமாதம் ஒரே தேதியில் ஒலிக்கும் நினைவூட்டல் ஒத்துவராது. கணக்கெடுப்பவர் வந்துபோன அன்றே அட்டையைப் பார்த்து, அந்த முறைக்கான கடைசி நாளைப் பதிந்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

வைத்த நேரம் சரியா என்பதை நினைவூட்டலே காட்டிக்கொடுக்கும். ஒன்றை இரண்டு முறை ஒத்திவைத்தால் அது சீக்கிரம் வருகிறது, அல்லது செய்ய முடியாத இடத்தில் என்னைப் பிடிக்கிறது. அடுத்த முறை அதை வேலை முடிந்து வீடு சேரும் நேரத்துக்கு நகர்த்துகிறேன். ஒலித்ததும் ஓட வேண்டியிருந்தால் அது தாமதம். எவ்வளவு நேரம் குறைந்ததோ அதைப் போல இரு மடங்கு முன்னால் தள்ளுகிறேன். சென்ற தேர்வில் வியாழன் மாலை உறையைக் கட்டும்போது பேனா எழுதவில்லை என்பது தெரிந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கி வர வெள்ளிக்கிழமை முழுவதும் என்னிடம் இருந்தது.