மைனஸ் எண்பது என்று எழுதிவிட்டு நான் பட்ட பாடு

ஃப்ரீசரில் சீரம் குழாய்கள் 212, திரவ நைதரசன் தொட்டியில் செல்கள் உள்ள சிறு குப்பிகள் 40. எல்லாவற்றையும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பவேண்டும். அனுமதிக் கடிதம், உலர்பனி, விமானப் பதிவு எல்லாம் இரண்டு கிழமையில் முடிந்தன. என்னை ஒன்றரை மாதம் அலைக்கழித்தது படிவத்தில் இருந்த ஒரேயொரு கட்டம்: சேமிப்பு வெப்பநிலை.

யோசிக்காமல் ஃப்ரீசருக்கு −80 என்றும் நைதரசனுக்கு −196 என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. இது செட் பண்ணிய எண்ணா, அளந்த எண்ணா? அளந்தது என்றால் சென்சர் எங்கே இருந்தது? பதிவு எங்கே?

பதிவு இருந்தது. ஃப்ரீசர் கதவில் தொங்கும் அட்டையில் காலையும் மாலையும் −80, −80, −80. வெசாக் போயாவுக்கும் −80 எழுதியிருந்ததைக் கண்டபோதுதான் வயிறு கலங்கியது. அன்று கட்டடமே பூட்டு. எழுதிய தம்பியைக் கேட்டேன். "அது எப்பவும் எண்பதுதானே மிஸ்" என்றான்.

அவனைத் திட்ட மனம் வரவில்லை. முகப்பில் தெரிவது, கருவி தன்னைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் ஒரு சென்சரின் கணக்கு. மேல் தட்டில், கதவோரம் நிற்கும் என் குழாய் என்ன பாகையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சரி, நாமே அளப்போம் என்று புறக்கோட்டைக்குப் போய், வெப்பநிலையைத் தானே பதிந்துவைக்கும் டேட்டா லொகர் ஒன்று வாங்கி வந்தேன். உள்ளே வைத்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் LO. தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கான சாமான் அது, −40க்குக் கீழே ஒன்றும் தெரியாது. பெட்டி உடைத்தாயிற்று, கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அடுத்ததாக, நீண்ட வயரில் பிளாட்டினம் சென்சர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். அளவுத்திருத்தச் சான்றிதழும் வந்தது. ஆனால் சோதித்த புள்ளிகள் 0, −20, −30. எனக்கு வேண்டியது −80. திரும்ப ஒரு அலைச்சல். சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், எந்தெந்தப் புள்ளியில் சோதித்தது என்று கேளுங்கள்.

அப்புறம் இரண்டு சென்சர் வைத்தேன். ஒன்று சும்மா காற்றில். மற்றது எங்கள் சீரம் குழாய் போன்ற ஒன்றில் எதனோல் ஊற்றி அதற்குள். எதனோல் −114 வரை உறையாது. இரண்டும் மேல் தட்டில், கதவோரம். முகப்பு −80 காட்டும்போது குழாய் −74. கதவை இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன்: காற்று −51க்கு ஏறியது, குழாய் −68 மட்டுமே. காற்றின் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் மாதிரி கெட்டுவிட்டதென்று நினைத்திருப்பார்கள். முகப்பை மட்டும் அனுப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைப்பார்கள்.

பத்தாம் நாள் இரவு கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. குழாய் −63 வரை வந்தது. −70க்கு மேலே இருந்தது 2 மணி 10 நிமிடம். காலையில் முகப்பில் வழமைபோல −80. லொகர் இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

நைதரசன் தொட்டியில் என் −196 இன்னும் பெரிய பொய். அது திரவத்தின் வெப்பநிலை. எங்கள் குப்பிகள் தொங்குவது அதற்கு மேலே, ஆவியில். மேல் பெட்டியில் அளந்தபோது −155. திரவ மட்டம் இறங்க இறங்க அது சூடேறும். ஏறக்குறைய −135ஐத் தாண்டினால், கண்ணாடிபோல் இறுகிய நீர் மெல்ல அசையத் தொடங்கும், அதுதான் அங்கே எல்லைக்கோடு. மட்டம் பார்க்க மரக்கோலை விட்டு எடுத்து காற்றில் இரண்டுதரம் ஆட்டுங்கள், உறைபனி படிந்த உயரம்தான் ஆழம். உள்ளே துளையுள்ள குழாயை விடாதீர்கள், நைதரசன் மேல் நுனியால் முகத்தில் பாயும்.

கடைசியில் எழுதியது இதுதான்: செட் −80. மேல் தட்டில் குழாய்க்குள் அளந்தது, கதவு திறக்காத வேளையில், −76 முதல் −72, 14 நாள். ஒரு மின்தடை, உச்சம் −63. அதற்கு முன் கையால் எழுதிய முகப்பு எண்கள் மட்டும், விடுமுறை நாள் எண்கள் நம்பத்தக்கவை அல்ல. நைதரசன்: ஆவிநிலை, மேல் பெட்டி −155. அந்தப் போயாக் கதையை எழுதும்போது கை நடுங்கியது. ஏற்றுக்கொண்டார்கள். மேல் தட்டின் 36 குழாய்களை மட்டும் தனியாகக் குறித்து அனுப்பச் சொன்னார்கள்.

இப்போது அட்டையில் லொகர் எண்ணுக்கும் ஒரு நிரல் போட்டிருக்கிறேன். பொசொன் போயாவுக்கு நேரே இரண்டு நிரலும் வெறுமை.